தேக்காவில் விலை கேட்பதற்கு முந்தைய ஒரு நிமிடம்

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "தேக்காவில் பேரம் பேசலாமா?" என்பது. தேக்கா என்பது லிட்டில் இந்தியாவில் இருக்கும் சந்தை. பேசலாம். ஆனால் ஊரில் பேசுவது போல இல்லை. ஊரில் பாதி விலையில் ஆரம்பித்து மேலே ஏறுவோம். இங்கே மீன், கறி, காய்கறி விற்கும் ஈரச்சந்தையில் குறையப் போவது ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிதான். அதைவிடப் பெரிய விஷயம், அதே காசுக்கு உங்கள் பைக்குள் எந்தத் துண்டு விழுகிறது என்பது. கடைக்காரர் அதை உங்கள் முதல் வார்த்தையைக் கேட்டதுமே ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறார். அந்த முதல் வார்த்தையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

(டாலரை இங்கே தமிழில் வெள்ளி என்பார்கள், சென்ட்டைக் காசு என்பார்கள். "ரெண்டு வெள்ளி அம்பது காசு" என்றால் இரண்டு டாலர் ஐம்பது சென்ட். கடையில் டாலர் என்று சொன்னாலும் புரியும். வெள்ளி என்று சொன்னால் இங்கே கொஞ்ச நாளாக இருப்பவர் என்று தெரியும்.)

முதலில் இடம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தின் சி வாயிலில் ஏறினால் பஃபலோ ரோடு, எதிரே தேக்கா நிலையம். இப்போதைய கட்டடம் 1982இல் திறந்தது. கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் உணவுக் கடைகள், இன்னொரு பக்கம் மீன், கறி, காய்கறி. மேல்தளத்தில் புடவை, சுரிதார், தையல் கடைகள். இந்த மூன்றிலும் பேச்சு வேறு வேறு. உணவுக் கடையில் பேரமே கிடையாது. பலகையில் எழுதியிருப்பதைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான். ஈரச்சந்தையில் கொஞ்சம் பேசலாம், மேல்தளத்தில் நன்றாகவே பேசலாம்.

யாரை என்னவென்று கூப்பிடுவது

நம் ஆட்கள் பலர் தடுமாறும் இடம் இது. கடைக்கு முன்னால் போய் நின்று, மீனைப் பார்த்தபடியே "எவ்வளவு?" என்று கேட்பார்கள். ஊரில் அது சாதாரணம். இங்கே அந்த ஒற்றைச் சொல், "நான் விலை விசாரிக்க வந்தேன், வாங்க வரவில்லை" என்று சொல்வதற்குச் சமம். கடைக்காரர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிடுவார்.

முதலில் முகத்தைப் பாருங்கள், அப்புறம் மீனைப் பாருங்கள். தமிழ்க் கடையென்றால் "வணக்கம்ணே", "அக்கா, எப்படி இருக்கீங்க" போதும். வயதில் இளையவர் என்றால் தம்பி என்று சொல்லலாம், ஆனால் "நீங்க" என்பதை விடாதீர்கள். தம்பி என்று கூப்பிட்டுவிட்டு "நீ" என்று இறங்குவது இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. ஆட்டுக்கறிக் கடைகளில் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் இருப்பார்கள். "எப்படி இருக்கீங்க பாய்" என்று ஆரம்பிக்கலாம். நீங்களும் முஸ்லிம் என்றால் சலாம் சொல்வீர்கள், அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை. அதே சந்தையில் பன்றி இறைச்சி விற்கும் கடைகளும் உண்டு. அங்கே வாங்கிய பையைக் கொண்டுவந்து பாயின் கடை மேடைமேல் வைத்துவிடாதீர்கள். எவ்வளவு இனிமையாக வணக்கம் சொன்னாலும் அந்தத் தப்பை அது ஈடுகட்டாது.

சீனர் கடை என்றால் நடுவயதுக்கு மேற்பட்டவரை "அங்கிள்", "ஆன்ட்டி" என்பதே வழக்கம். காலையில் "ஸாவ்" என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டால் முகம் மலர்ந்துவிடும். மாண்டரினில் அது காலை வணக்கத்தின் சுருக்கம். முப்பது வயதுக்காரியை ஆன்ட்டி என்று கூப்பிடாதீர்கள். "ஹலோ, மார்னிங்" போதும். மலாய்க்காரர் கடை என்றால் "செலாமாட் பாகி". வயதானவர்களுக்கு பக்சிக், மக்சிக், இளையவர்களுக்கு அபாங், காக்காக். மதியம் ஆகிவிட்டால் பாகி என்று சொல்லாதீர்கள், அது காலைக்கு மட்டும்.

தேக்காவில் நெடுநாளாக இருக்கும் சீன மீன்காரர்கள் சிலருக்கு மீன் பெயரெல்லாம் தமிழில் தெரியும். நீங்கள் "ஸாவ்" சொல்ல, அவர் "வஞ்சிரம், நல்லா இருக்கு" என்பார். நீங்கள் அவர் மொழியில் ஒரு சொல், அவர் உங்கள் மொழியில் இரண்டு சொல். எனக்கு இந்தச் சந்தை பிடித்துப்போனதே இதனால்தான்.

போணி ஆச்சா?

தமிழ்க் கடைகளுக்கு மட்டும் இன்னொரு வணக்கம் உண்டு. காலையில் சீக்கிரம் போனால் "போணி ஆயிடுச்சாண்ணே?" என்று கேளுங்கள். இது வெறும் நலம் விசாரிப்பு இல்லை. பதிலைப் பொறுத்து அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது மாறும்.

"ஆயிடுச்சு" என்றால் நிதானமாகப் பார்க்கலாம், விசாரிக்கலாம், மற்ற கடையும் சுற்றிவிட்டு வரலாம். "இன்னும் இல்ல" என்றால் நீங்கள்தான் அன்றைய முதல் ஆள். முதல் வியாபாரம் இழுபறி இல்லாமல் முடிந்தால் நாள் முழுக்க நன்றாகப் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. வாங்கும் எண்ணம் இருந்தால் அது நல்ல நேரம். அவரே கொஞ்சம் இறங்கி வந்து சட்டென்று முடிக்கப் பார்ப்பார். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் அப்போது விலையே கேட்காதீர்கள். "சுத்திட்டு வர்றேண்ணே" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஒரு காய்கறிக் கடையில் நின்றேன். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. முருங்கைக்காயைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன். விலை கேட்டேன். சொன்னதில் பாதியைக் கேட்டேன். அவர் தரமாட்டேன் என்றதும் காயைப் போட்டுவிட்டு நடந்துவிட்டேன். அன்றைக்கு அவருக்கு நான்தான் முதல் ஆள் என்பது பிறகு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் புரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அதன்பிறகு எப்போது போனாலும் பையை நீட்டுவார், எண்ணைச் சொல்வார், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை சும்மா போகும், எனக்கு வராது. இது சரியாவதற்கு நாலைந்து மாதம் ஆனது.

வணக்கத்துக்கும் விலைக்கும் நடுவில்

வணக்கம் சொன்ன உடனே "எவ்வளவு?" என்று தாவினால் பயன் பாதிதான். நடுவில் ஒரு கேள்வி வேண்டும். அது பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும், விலையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "இன்னிக்கு எது நல்லா வந்திருக்கு?" என்று கேளுங்கள். அல்லது என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மீன்காரர் நள்ளிரவுக்கு மேல் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தின் மொத்தச் சந்தையில் எடுத்த சரக்கு அது. எதை நல்ல விலைக்கு எடுத்தார், எது நேற்றைய மிச்சம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நீங்கள் அதைக் கேட்கும்போது அவருடைய தொழில் அறிவைக் கேட்கிறீர்கள். அப்போது அவர் விற்கிறவராக இல்லாமல் ஆலோசனை சொல்கிறவராக மாறுகிறார். "இன்னிக்கு வவ்வால் வேணாம், விலை அதிகம், பாறை எடுத்துக்கோங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அது பேரத்தில் கிடைக்கும் ஒரு வெள்ளியைவிடப் பெரிய லாபம்.

கடையில் வேறு ஆள் இருந்தால் இதையெல்லாம் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தேக்காவில் தோள் இடிக்கும் கூட்டம். அப்போது ஒரு தலையசைப்பும் ஒரு சிரிப்பும் போதும். உங்கள் முறை வரும்வரை நில்லுங்கள். கூட்டத்தில் கதை பேசுகிறவரைக் கடைக்காரருக்கும் பிடிக்காது, பின்னால் நிற்பவருக்கும் பிடிக்காது. பேச வேண்டுமென்றால் வாரநாளில் எட்டு, எட்டரை மணிக்குப் போங்கள். திங்கட்கிழமை பல மீன் கடைகள் மூடியிருக்கும்.

இந்த இடத்தில் சொல்லவே கூடாத ஒன்று, "எங்க ஊர்ல இது முந்நூறு ரூபாதான்." பணத்தை மாற்றிக் கணக்குப் போடுவது முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் வரும். மனதுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொன்னால், இங்கே வாடகையும் மின்சாரமும் கட்டிக் கடை நடத்துகிறவருக்கு அது உழைப்பைக் குறைத்துப் பேசுவதாகத்தான் படும். அவரே "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். அது விசாரணை இல்லை, அவர் உங்களுக்குச் சொல்லும் வணக்கம்.

ஒரு சனிக்கிழமை, ஒரு வஞ்சிரம்

ஒரு உதாரணம் சொல்கிறேன். வீட்டில் எட்டுப் பேருக்கு மீன் வறுவல் செய்ய வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியது வஞ்சிரம். மலாயில் தெங்கிரி, சீனக் கடைகளில் பாத்தாங் என்பார்கள். எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். வந்ததும் மீனைத் தொட்டு "ஹௌ மச்?" என்றார். அங்கிள் கிலோ இருபத்திரண்டு என்றார். "ஏன் இவ்வளவு? இருபது போடு" என்றார் அவர். அங்கிள் தலையாட்டினார், முடியாது என்று. அவர் கொஞ்சம் யோசித்து, சரி, ஒரு கிலோ என்றார். வால் பக்கத்திலிருந்து வெட்டிப் போட்டு, எடை பார்த்து, காசு வாங்கி முடிந்தது.

என் முறை. "அங்கிள், ஸாவ்." அவர் "ஸாவ், ஸாவ்" என்றார். "இன்னிக்கு வறுக்கணும் அங்கிள், எட்டுப் பேர்." அவர் அந்த மீனை ஒதுக்கிவிட்டு, பின்னால் ஐஸில் இருந்த இன்னொன்றை எடுத்தார். கண்ணைக் காட்டினார், தெளிவாக இருந்தது. செவுளைத் தூக்கிக் காட்டினார், நல்ல சிவப்பு. நடுப்பகுதியில் விரலால் ஒரு கோடு போட்டு, இங்கிருந்து இங்கே என்றார். அப்போதுதான் நான் விலை கேட்டேன். அதே இருபத்திரண்டு. குறைக்கச் சொல்லவில்லை. சரி என்றேன்.

அந்த நடுப்பகுதியை மட்டும் எடுத்து எடை போட்டார், 1.46 கிலோ. முப்பத்திரண்டு வெள்ளி பன்னிரண்டு காசு. அப்போது, துண்டு போட ஆரம்பிப்பதற்கு முன்னால், "அங்கிள், முப்பது போடலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் முப்பத்தொன்று என்றார். ஏற்றுக்கொண்டேன். விரல் தடிமனில் துண்டு போட்டு, சுத்தம் செய்து, கடைசியில் தலையையும் இரண்டாகப் பிளந்து பையில் போட்டார். குழம்புக்கு என்ற அர்த்தத்தில் "கறி, கறி" என்றார். தனியாக வாங்கினால் அந்தத் தலை மூன்று நான்கு வெள்ளி ஆகும்.

கணக்கைப் பாருங்கள். கிலோ விலை இருவருக்கும் ஒன்றுதான். பேரத்தில் நான் குறைத்தது ஒரு வெள்ளி பன்னிரண்டு காசு. ஆனால் முன்னால் போனவருக்கு வால் துண்டு, எனக்கு வேறு மீனின் நடுத்துண்டு, கூடவே குழம்புக்குத் தலை. புது ஆட்கள் கிலோ விலையை மட்டும் பார்ப்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிவதில்லை.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். எடை போட்டு மொத்தம் சொன்ன பிறகு, துண்டு போட்டுச் சுத்தம் செய்வதற்கு முன்பு. வெட்டிச் சுத்தம் செய்த பிறகு குறைக்கச் சொன்னால் அது அவரை மூலையில் நிறுத்துவது. அந்த மீனை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது. ஒருமுறை கேளுங்கள், ஒரே ஒரு எண்ணைச் சொல்லுங்கள், அவர் சொல்லும் பதிலில் நின்றுவிடுங்கள்.

விலை கேட்கும்போது எதற்கு என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சில கடைகளில் நூறு கிராமுக்கு விலை சொல்வார்கள். வயதான சீனர்கள் சிலர் இன்னும் கட்டி கணக்கில் பேசுவார்கள். ஒரு கட்டி சுமார் அறுநூறு கிராம். "கிலோவுக்குத்தானே?" என்று மென்மையாகக் கேட்டுவிட்டால், பிறகு எடை போட்டதும் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. முகம் சுளித்துவிட்டால் முதலில் சொன்ன வணக்கம் வீண்.

வணக்கம் வேலை செய்யாத நாள்

இதற்கு எல்லை உண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில், ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை, மலேசியாவின் கிழக்குக் கரையில் படகுகள் குறைவாகத்தான் கடலுக்குப் போகும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் வவ்வால் போன்ற மீன்களுக்குத் தேவை ஏறி, விலை தாறுமாறாகப் போகும். அந்த நாட்களில் கடைக்காரரே அதிகம் கொடுத்துத்தான் எடுத்திருப்பார். எவ்வளவு நெருக்கமானவரிடமும் குறைக்கச் சொல்லாதீர்கள். "இப்ப விலை ஏறிடுச்சு இல்ல அங்கிள்" என்று நீங்களே சொல்லிவிட்டுக் குறைவாக வாங்கிக்கொள்ளுங்கள். விலை தெரிந்தவர் என்ற மரியாதை கிடைக்கும், அடுத்த மாதம் அது உதவும்.

இன்னொரு வகை தோல்வி, வணக்கத்தைத் தந்திரமாக்குவது. நிறையச் சிரித்து, அண்ணே அண்ணே என்று உருகி, கடைசியில் ஐந்து வெள்ளி குறை என்று அடம்பிடித்தால் அவருக்கு உடனே புரியும். அவர் பதில் சுருங்கினால், உங்கள் முகத்தைப் பார்க்காமல் பையை மட்டும் பார்த்தால், அதுதான் அடையாளம். அங்கேயே நிறுத்திக்கொண்டு, சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள்.

மேல்தளம்

துணிக்கடையில் பேச்சுக்கு இடம் அதிகம், ஏனென்றால் பல கடைகளில் விலைச்சீட்டே இருக்காது. இங்கே வணக்கத்தோடு யாருக்கு, எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அக்கா, வணக்கம். தங்கச்சிக்கு, வேலைக்குப் போடற மாதிரி, அம்பதுக்குள்ள பாக்கறேன்." இப்படிச் சொன்னால் அவர் நூற்றைம்பது வெள்ளி விலையுள்ள பட்டுத்துணியை எடுத்து விரிக்க மாட்டார். நீங்களும் பத்துத் துணியை விரிக்க வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்க வேண்டியிருக்காது. பத்துத் துணியை மடிக்க வைத்தவருக்கு அடுத்த முறை வணக்கத்துக்குப் பதில் வணக்கம் கிடைப்பதே கஷ்டம்.

போன தீபாவளிக்கு முன் ஒரு சுரிதார் செட்டுக்கு நாற்பத்தெட்டு சொன்னார்கள். நான் ஒன்றுக்குக் குறைக்கச் சொல்லாமல், "ரெண்டா எடுத்துக்கறேன், எப்படிப் போட்டுத் தருவீங்க?" என்று கேட்டேன். அவரையே சொல்லவிட்டதால் தொண்ணூறு என்றார். "பேநௌ பண்ணிடறேன், எண்பத்தஞ்சு போடுங்கக்கா" என்றேன். கடன் அட்டைக்கு அவர்கள் கட்டணம் கட்ட வேண்டும், அதனால் ரொக்கமோ, கைப்பேசியிலிருந்து வங்கிக்கணக்குக்கு நேராக அனுப்பும் பேநௌவோ என்றால் இறங்கக் காரணம் கிடைக்கிறது. எண்பத்தாறில் முடிந்தது. தொண்ணூற்றாறிலிருந்து பத்து வெள்ளி. அதோடு ஒரு செட்டின் கை நீளத்தைத் தைத்துக் குறைத்தும் கொடுத்தார்.

கிளம்பும்போதும், திரும்ப வரும்போதும்

காசை வலது கையால் கொடுங்கள், மேடைமேல் விட்டெறிய வேண்டாம். பேநௌ என்றால் திரையைத் திருப்பிக் காட்டுங்கள், அவர் தலையாட்டிய பிறகு நகருங்கள். "தேங்க்ஸ் அங்கிள்", "வர்றேன்ணே" என்று ஒரு சொல். போறேன் என்று சொல்லாதீர்கள், தமிழ்க் கடையில் அது காதில் உறுத்தும்.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போகும்போது, வணக்கத்துக்கு அடுத்த வாக்கியம் தயாராக இருக்கட்டும்: போன வாரம் வாங்கியது எப்படி இருந்தது. நான் அந்த அங்கிளிடம் போய் "ஸாவ் அங்கிள், போன வாரம் மீன் எட்டுப் பேருக்கும் பிடிச்சிருந்தது, தலைக்குழம்பும் வச்சேன்" என்றேன். நல்லா இல்லாமல் இருந்தாலும் சொல்லலாம், புகாராக இல்லாமல், "கொஞ்சம் முள்ளு ஜாஸ்தி அங்கிள், இந்த வாட்டி வேற பாத்துக் குடுங்க" என்று. அன்றைக்கு அவர் நான் கேட்பதற்கு முன்பே பின்பக்க ஐஸ் பெட்டியைத் திறந்தார்.